புத்தாண்டுச் சலுகையும் எட்டக்கூடிய இலக்கும்
வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை குறைவதே பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் கருதுவதால், 'ஒரே மாதத்தில் 10 கிலோ' எனப் பலகை வைக்கும் உடற்பயிற்சிக் கூடத்தைவிட, 80 கிலோ எடையுள்ளவருக்கு 3 மாதத்தில் 4 கிலோ, அதாவது உடல் எடையில் 5 விழுக்காடு, என்று சொல்லும் கூடமே நம்பத்தக்கது. முதல் மாதத்தில் எடைக்குப் பதில் வருகையை, அதாவது வாரத்தில் 3 நாள் கூடத்துக்கு வந்து பயிற்சி செய்வதை, இலக்காக வைப்பது இன்னும் நேர்மையானது. எடையோ ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாலே மாறிவிடும். புத்தாண்டுச் சலுகையிலும் இதே நேர்மை வேண்டும்: 'சலுகை விரைவில் முடிகிறது' என்று கூடம் மழுப்பாமல், கடைசி நாள் ஜனவரி 10 என்றால் அதையும், அது பணம் கட்டுவதற்கா பயிற்சி தொடங்குவதற்கா என்பதையும் ரசீதிலேயே குறிப்பிட வேண்டும். பொங்கலுக்குப் பின்னும் நீட்டிக்கப்படும் கெடு, வெறும் விளம்பரமே.