புராஜெக்ட் புரபோசலுக்கு 10 நிமிடம்: கடைசி ஸ்லைடை முதலில் எழுதுங்கள்

இறுதியாண்டு மாணவர் இருக்கும் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியதும் அதில் முதலில் தயாராவது பெரும்பாலும் ஒரு பவர்பாயிண்ட் ஃபைல்தான். புராஜெக்ட் செய்வதற்கு முன், என்ன செய்யப் போகிறோம் என்பதைத் தேர்வாளர்கள் முன் 10 நிமிடத்தில் சொல்ல வேண்டும். சில கல்லூரிகளில் இதை ஜீரோத் ரிவியூ என்பார்கள், சில இடங்களில் கேப்ஸ்டோன் புரபோசல் என்பார்கள். பெயர் எதுவானாலும் ஒன்றை மறக்காதீர்கள். இந்த 10 நிமிடத்தில் நீங்கள் கொடுக்கும் வாக்குறுதியை வைத்துத்தான் ஆண்டுக் கடைசியில் வைவாவில் உங்களை அளப்பார்கள். அதிகமாகச் சொல்லிவிட்டால் அதிகமாகச் செய்து காட்ட வேண்டும்.

ஆனால் பெரும்பாலான புரபோசல்கள் எப்படி இருக்கின்றன? அறிமுகம் இரண்டு ஸ்லைடு. எந்த மொழியில் புரோகிராம் எழுதுவோம், எத்தனை ஜிபி ராம் வேண்டும் என்று இரண்டு ஸ்லைடு. பிறகு மாட்யூல்களின் பட்டியல். மணி அடித்துவிடும். "இது வேலை செய்கிறது என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்?" என்ற கேள்விக்கு ஒரு ஸ்லைடுகூட இருக்காது. தேர்வாளர் முதலில் கேட்பது அதைத்தான். ஆகவே என் கருத்து இது: சோதனை பற்றிய ஸ்லைடை முதலில் எழுதுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் புராஜெக்ட் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

ஓர் உதாரணம்

ஒரு புராஜெக்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஊர் நூலகம் ஒன்றில் 4,000 தமிழ்ப் புத்தகங்களின் பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாசகர் 'பொண்ணியின் செல்வன்' என்று டைப் செய்கிறார். புத்தகத்தின் பெயரோ 'பொன்னியின் செல்வன்'. ன, ண மாறிவிட்டதால், அலமாரியில் இருக்கும் புத்தகத்தை இல்லை என்கிறது கம்ப்யூட்டர். சாதாரணத் தேடல் இப்படித்தான் நடக்கிறது:

```
SELECT title FROM books
WHERE title LIKE '%பொண்ணியின்%';
```

எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் இதில் விடை வரும். மயங்கொலி எழுத்துகள் மாறினாலும் சரியான புத்தகத்தைக் காட்டும் தேடலை உருவாக்குவதே புராஜெக்ட்.

இதற்கான சோதனை ஸ்லைடு எப்படி இருக்க வேண்டும்? 'துல்லியமான தேடல்' என்று எழுதினால் போதாது. இப்படி எழுதலாம்: "நூலகத்திற்கு வருபவர்களிடம் 150 துண்டுச் சீட்டுகள் கொடுத்து, தேட நினைக்கும் புத்தகத்தின் பெயரை அவர்கள் எழுதும் விதத்திலேயே எழுதி வாங்குவோம். 50 சீட்டுகளைப் பார்த்து விதிகளை அமைப்போம். மீதி 100 சீட்டுகளைக் கடைசி வரை பிரிக்க மாட்டோம். அந்த 100 பெயர்களையும் பழைய தேடலிலும் புதிய தேடலிலும் போட்டுப் பார்த்து, சரியான புத்தகம் முதல் 5 விடைகளுக்குள் வந்தால் வெற்றி என்று எண்ணுவோம்."

இதை எழுதியதும் மற்ற ஸ்லைடுகள் தாமாகவே வந்துவிடும். என்ன விவரம் வேண்டும், யாரிடம் அனுமதி பெற வேண்டும், எதோடு ஒப்பிட வேண்டும் என்பதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது.

7 ஸ்லைடு, 9 நிமிடம்

10 நிமிடம் கொடுத்தால் 9 நிமிடத்திற்குத் திட்டமிடுங்கள். கேபிள் மாட்டுவதிலும் வணக்கம் சொல்வதிலும் ஒரு நிமிடம் போய்விடும்.

முதல் ஸ்லைடில் தலைப்பும் பெயர்களும் மட்டும். இதைப் படித்துக் காட்ட வேண்டாம். இரண்டாவது ஸ்லைடு பிரச்சினை, ஒன்றரை நிமிடம். தவறாக டைப் செய்த பெயரையும் 'இல்லை' என்று வந்த விடையையும் அப்படியே திரையிலிருந்து படமெடுத்துப் போடுங்கள். முடிந்தால் முன்கூட்டியே 20 பேரிடம் கேட்டுப் பார்த்து, அதில் எத்தனை பெயர்கள் கிடைக்கவில்லை என்ற எண்ணிக்கையையும் போடுங்கள். இந்த ஒரு சின்ன எண்ணிக்கை, பக்கம் பக்கமான அறிமுகத்தைவிட அதிகம் பேசும்.

மூன்றாவது ஸ்லைடு இதுவரை மற்றவர்கள் செய்தது, ஒன்றரை நிமிடம். உச்சரிப்பை வைத்துப் பெயர் தேடும் சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் 1918-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அது ஆங்கில எழுத்துகளுக்கானது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்து மாற்ற வேண்டும் என்று எண்ணும் லெவன்ஷ்டைன் முறை 1965-ல் வந்தது. அதில் ஒரு குறை உண்டு. 'மழை'க்கும் 'மலை'க்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். 'மழை'க்கும் 'மனை'க்கும் ஓர் எழுத்துதான். ஆனால் முதல் ஜோடியைத்தான் ஆட்கள் குழப்பிக்கொள்வார்கள். இரண்டே இரண்டு பழைய முறைகள், அவை ஒவ்வொன்றும் நமக்கு ஏன் போதவில்லை என்று ஒரு வரி. இவ்வளவு போதும். 15 கட்டுரைகளின் பெயரை அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

நான்காவது ஸ்லைடு எல்லை, ஒரு நிமிடம். இடது பக்கம் செய்யப்போவது, வலது பக்கம் செய்யாதது. "புத்தகப் பெயரில் மட்டும் தேடுவோம். ஆசிரியர் பெயர், குரல் வழித் தேடல், மொபைல் ஆப் ஆகியவை இதில் இல்லை." வலது பக்கத்தைக் காட்டத் தயங்காதீர்கள். செய்யாததை முதலிலேயே சொல்லிவிட்டால், கடைசியில் "அது எங்கே?" என்று யாரும் கேட்க முடியாது.

ஐந்தாவது ஸ்லைடு செய்முறை, இரண்டு நிமிடம். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக, ர, ற இரண்டையும் ஒன்றாக, ந, ன, ண மூன்றையும் ஒன்றாகக் கருதி ஒவ்வொரு புத்தகப் பெயருக்கும் ஒரு 'சாவி' தயாரிப்போம். டைப் செய்த பெயருக்கும் அதே விதத்தில் சாவி தயாரித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். பொன்னி, பொண்ணி இரண்டுக்கும் ஒரே சாவி வரும். இதை ஒரு சொல்லை வைத்துப் படமாகக் காட்டுங்கள். கட்டங்களும் அம்புக்குறிகளும் மட்டும் உள்ள படத்தில் ஒன்றும் புரியாது.

ஆறாவது ஸ்லைடு நாம் முதலில் எழுதிய சோதனை, இரண்டு நிமிடம். ஏழாவது ஸ்லைடு கால அட்டவணை, ஒரு நிமிடம். எந்த வாரம் எது முடியும், தாமதமானால் எதை விடுவோம் என்று அதிலேயே சொல்லுங்கள்.

ஹார்டுவேர், சாஃப்ட்வேர் தேவை ஸ்லைடு கட்டாயம் என்று உங்கள் கல்லூரி சொன்னால், நீக்க வேண்டாம். ஏழாவதுக்குப் பின்னால் வையுங்கள். கேள்வி வந்தால் ஸ்லைடு எண்ணை டைப் செய்து என்டர் தட்டினால் பவர்பாயிண்ட் நேராக அங்கே போய்விடும்.

என்ன கேட்பார்கள்?

"மழை என்று தேடினால் மலையும் வருமே?" வரும். இல்லை என்று மழுப்பாதீர்கள். இரண்டுக்கும் சாவி ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் பெயர்களை மேலேயும், சாவி மட்டும் ஒத்துப்போகும் பெயர்களைக் கீழேயும் காட்டுவோம் என்பதே சரியான பதில். அதனால்தான் 'முதல் 5 விடைகளுக்குள்' என்று சோதனையில் எழுதினோம்.

"இதற்கு இலவச மென்பொருள் இருக்கிறதே?" நூலகங்களுக்கான கோஹா 2000-ம் ஆண்டிலிருந்தே பயன்பாட்டில் இருக்கிறது. அதைத் தெரியாது என்றால் மாட்டிக்கொள்வீர்கள். "அதிலும் இதே 100 பெயர்களைப் போட்டுப் பார்த்து ஒப்பிடுவோம்" என்றால் கேள்வி உங்களுக்குச் சாதகமாகத் திரும்பிவிடும்.

"விதி அமைக்கப் பார்த்த சீட்டுகளிலேயே சோதித்தால் நல்ல மார்க் வராதா?" வரும், ஆனால் அது பொய்யான மார்க். கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது போலத்தான். 100 சீட்டுகளைப் பிரிக்காமல் வைத்தது இதற்காகவே.

"பட்டியல் யூனிகோடில்தான் இருக்கிறதா?" தமிழ் தெரிந்த தேர்வாளர் இதைக் கேட்க வாய்ப்பு அதிகம். பட்டியல் பழைய எழுத்துருவில் டைப் செய்யப்பட்டிருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. 'பொ' என்பதில் உள்ள ொ குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ெ, ா என்று இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. பைத்தானில் இந்த ஒரு வரி இரண்டையும் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவந்துவிடும்:

```
unicodedata.normalize("NFC", title)
```

"உங்கள் நால்வரில் இதை யார் செய்வது?" இந்தக் கேள்வியை பெரும்பாலும் பேசாமல் நிற்பவரிடம்தான் கேட்பார்கள். ஆகவே நால்வருமே சோதனை ஸ்லைடை விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு ஒத்திகை

பவர்பாயிண்டில் Slide Show பகுதியில் Rehearse Timings என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்திவிட்டு வாய்விட்டுப் பேசுங்கள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எத்தனை விநாடி ஆனது என்று அது காட்டும். இரண்டாவது ஸ்லைடிலேயே மூன்று நிமிடம் ஆகிவிட்டால் வேகமாகப் பேசிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், வாக்கியங்களை வெட்டுங்கள். தமிழ் எழுத்துரு கல்லூரிக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் அந்தக் கவலை இல்லை.

கம்ப்யூட்டர் படிக்காத ஒருவரை வீட்டில் உட்கார வைத்துப் பேசிக் காட்டுங்கள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நாங்கள் ஜெயித்தோமா இல்லையா என்று கடைசியில் எப்படித் தெரியும்?" "100 சீட்டைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்" என்று அம்மா சொல்லிவிட்டால் உங்கள் புரபோசல் தயார். "ஏதோ சாஃப்ட்வேர் செய்யப் போறீங்க" என்றால், ஆறாவது ஸ்லைடைத் திறந்து மறுபடி எழுதுங்கள்.