எண்ணித் துணி!

சென்ற டிசம்பரில் மனைவிக்குப் பிறந்த நாள் பரிசாக ஆன்லைனில் ஒரு சால்வை வாங்கினேன். 'ஒரிஜினல் தோடா எம்பிராய்டரி, விலை 499.' வந்தது. பிரித்தவள் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, பின்னாடி சாயமே ஏறலையே?" என்றாள். சிவப்பும் கறுப்பும் பூராவும் அச்சு! அந்தக் கடையின் பெயர் வேண்டாம். வாங்கினவனின் பெயர்தான் வீட்டில் தினமும் சொல்லப்படுகிறது.

ஊட்டிக்குப் போனபோது விடவில்லை. ஒரு தோடர் மந்துக்குப் போய், வாசலில் வெயிலில் தைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சால்வையைக் காட்டினேன். சிரித்துவிட்டு, மடியில் இருந்த துணியை நீட்டினார். "தொட்டுப் பாருங்க சார்."

தொட்டேன். கம்பளி நூல் விரலில் மேடாக நெருடியது. தறியிலேயே நெய்த மாதிரி இருக்கிறது. ஆனால் அத்தனையும் ஊசி வேலை. சட்டமும் கிடையாது, பென்சில் கோடும் கிடையாது. துணியின் நூல்களை எண்ணி, இத்தனை நூல் விட்டு இத்தனை நூல் எடுத்து என்று குறுக்கே ஓட்டுகிறார்கள். தைப்பது பின்பக்கத்திலிருந்து. மேடாக, கொஞ்சம் முரடாக இருக்கிற பக்கம்தான் போர்த்தும்போது வெளியே தெரிய வேண்டியது. தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளியில் வருவது இந்த வேலைதான். எருமைக் கொம்பு, மயில் இறகு எல்லாம் கணக்கிலேயே பிறக்கின்றன.

நான் என் அறிவைக் காட்டினேன். "இதையே பட்டுல போட்டா என்னங்க? மாடர்னா இருக்குமே!"

"பட்டுல நூலை யாரு சார் எண்றது? கண்ணு போயிடும்."

அங்கேதான் விஷயம் புரிந்தது. டிசைனர்கள் வரைந்து அனுப்பும் புதுமை எல்லாம் இந்த ஒரு இடத்தில் முட்டிக்கொள்ளும். தோடர்கள் துணி நெய்வதில்லை. சமவெளியில் நெய்த பருத்தித் துணி மலையேறி வருகிறது. பாவும் ஊடையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தடிமனாக, ஒரே சீராக, கொஞ்சம் தளர்வாக நெய்திருக்க வேண்டும். ஒன்று நெருக்கமாகவும் மற்றது அகலமாகவும் இருந்தால் சதுரம் செவ்வகமாகிவிடும். எனவே புது டிசைன் ஊசியில் ஆரம்பிப்பதில்லை, தறியில் ஆரம்பிக்கிறது.

பட்டுக்காரருக்கும் வழி இருக்கிறது. எண்ணக்கூடிய துணியில் இரண்டு அங்குலப் பட்டை ஒன்றைத் தைத்து, அதைப் பையிலோ, குர்தாவிலோ, தலையணை உறையிலோ தையல்காரர் பொருத்திவிடலாம். முழுச் சால்வைக்கு ஆகும் நேரத்தில் பல பட்டைகள் தயாராகும். ஆபீஸ் போகும் நம் போன்றவர்களின் பர்ஸும் தாங்கும்.

விற்பதில் இன்னொரு முட்டு. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். வீடு, எருமை, காய்கறி எல்லாம் பார்த்தது போக தினம் மூன்று மணி நேரம் ஊசி என்றால், ஒரு துப்பட்டாவுக்கு 15 நாள், அதாவது 45 மணி. மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தாலே கூலி மட்டும் 2,700. என் 499-க்கு துணியே கஷ்டம்! பத்துப் பேர் சேர்ந்த குழு மாதம் 20 முடிக்கும். 'அதே மாதிரி 50 நாளைக்கே அனுப்பு' என்று ஒரு இணையக் கடை கேட்டால், ரெண்டரை மாதம் ஆகும். எனவே இவர்களுக்கு ஒத்துவருவது, முதலில் ஆர்டர், பிறகு தையல் என்கிற முறைதான். படத்துக்குக் கீழே 'ஆறு வாரம் ஆகும்' என்று எழுதிவிட்டால் சண்டை இல்லை. கோத்தகிரி கீஸ்டோன் பவுண்டேஷனிலிருந்து பிறந்த 'லாஸ்ட் ஃபாரஸ்ட்' போன்றவர்கள் இந்த வேலையை இணையம் வரை கொண்டுவந்திருக்கிறார்கள்.

2013-ல் தோடா எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'அப்புறம் எப்படிப் போலி?' என்பீர்கள். குறியீடு காவல் காப்பது பெயரை. அச்சடித்தவன் 'தோடா' என்றால் மாட்டலாம். 'மலைவாழ் மக்கள் ஸ்டைல்' என்று போட்டுக்கொண்டால் நழுவிவிடுவான். மொத்தமே சுமார் 2,000 பேர் உள்ள சமூகம் கோர்ட்டுக்கும் ஊசிக்கும் நடுவே எவ்வளவு ஓட முடியும்?

ஆகவே நாமே பார்த்துக்கொள்வோம். வாங்கும்முன் பின்பக்கப் படம் கேளுங்கள். சாயம் வெளிறியிருந்தால் அச்சு. பின்னால் ஒட்டுத்தாளோ, அடியில் வேறு மெல்லிய நூலோ ஓடினால் மெஷின். கிட்டத்தில் பார்க்க, ஊசி நூலைக் குத்தாமல் நூல்களுக்கு நடுவே புகுந்திருந்தால், அங்கங்கே சின்ன வளையம் விட்டிருந்தால், யாரோ எண்ணியிருக்கிறார்கள்.

அந்த அம்மாவிடம் ஒரு பைக்கு ஆர்டர் கொடுத்தேன். "எப்ப கிடைக்கும்?" என்றேன். "எண்ணி முடிச்சதும்" என்றார்.

வீட்டில் ஒருத்தி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.