தற்கொலைத் தடுப்பு உதவி எண்: ரகசியம் காப்பதா, காவல்துறையை அழைப்பதா? தன்னார்வலருக்கு வழிகாட்டும் விதிகள்

நள்ளிரவில் உதவி மைய எண்ணை அழைக்கும் ஒருவர், "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்ற வேண்டுகோளுடன் பேசத் தொடங்குகிறார். சில நிமிடங்களில் அவரது உயிர் ஆபத்தில் இருப்பது தெரியவருகிறது. எதிர்முனையில் இருப்பவர் மருத்துவர் அல்லர். சில வாரப் பயிற்சி பெற்ற தன்னார்வலர். கொடுத்த வாக்கைக் காப்பதா, அவசர உதவியை வரவழைப்பதா என்ற முடிவை அந்த நேரத்தில் அவர் தனியாக எடுக்க நேர்ந்தால், அந்த மையத்தின் பயிற்சியில் குறை இருக்கிறது என்றே பொருள்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் முதலில் பேசுகின்றனர். தேவைப்பட்டால் மனநல நிபுணர்களிடம் அழைப்பு செல்கிறது. ஆனால் சென்னையில் 1986 முதல் இயங்கும் 'சிநேகா' உள்ளிட்ட பல மையங்கள் தன்னார்வலர்களையே நம்பியுள்ளன. இத்தகைய மையங்களில், எந்தக் கட்டத்தில் அழைப்பு அடுத்த நிலைக்குச் செல்ல வேண்டும் என்பது எழுத்தில் இருப்பது இன்றியமையாதது.

கேட்கப்படாத கேள்வி

பயிற்சியின் முதல் பாடம், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது. கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் இந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. இருந்தும் தயக்கம் நீங்குவதில்லை. அமெரிக்காவில் 14 உதவி மையங்களின் 1,431 அழைப்புகளைக் கவனித்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, ஏறத்தாழ பாதி அழைப்புகளில் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை என்று கண்டறிந்தது.

"தப்பான முடிவு ஏதும் எடுத்துவிட மாட்டீர்களே?" என்பது கேள்வியாகத் தோன்றினாலும், 'இல்லை' என்ற பதிலையே அது வேண்டி நிற்கிறது. "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா?" என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும். வாய் கூசாமல் இதைக் கேட்கும் வரை, பாவனை அழைப்புகள் மூலம் தன்னார்வலரைப் பழக்க வேண்டும்.

மூன்று நிலைகள்

'ஆம்' என்று பதில் வந்தால் அடுத்து அறிய வேண்டியவை மூன்று: திட்டம் உள்ளதா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா, எப்போது என்று முடிவு செய்துவிட்டாரா. இதற்கு முன் முயன்றிருக்கிறாரா, மது அருந்தியுள்ளாரா, உடன் யாரேனும் உள்ளனரா என்பவையும் கணக்கில் கொள்ளப்படும்.

எண்ணம் மட்டும் இருந்து, திட்டம் இல்லையெனில் அது முதல் நிலை. தன்னார்வலரே தொடர்ந்து பேசலாம்; அழைப்பு முடிந்ததும் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும். திட்டமோ பொருளோ இருந்தால் இரண்டாம் நிலை. பேசிக்கொண்டிருக்கும்போதே மேற்பார்வையாளரை இணைக்க வேண்டும். முயற்சி தொடங்கிவிட்டாலோ, உடனே செய்யப்போவதாகக் கூறி எந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கும் உடன்படாவிட்டாலோ மூன்றாம் நிலை. அப்போது சம்மதம் இல்லாவிட்டாலும் அவசர உதவி அழைக்கப்படும்.

இந்த நிலைகளைத் தீர்மானிப்பவை அழைத்தவர் கூறும் விவரங்களே. 'ஆபத்து அதிகம் என்று தோன்றினால்' என்பது போன்ற வாசகம் விதியாகாது. ஒருவருக்குத் தோன்றுவது மற்றவருக்குத் தோன்றாமல் போகலாம்.

ஒரு மாதிரி அழைப்பு

பயிற்சிக்கு உகந்த பாவனை அழைப்பு ஒன்றைக் காண்போம். புணேயில் உள்ள மையத்தை நாசிக்கைச் சேர்ந்த சிறு வணிகர் ஒருவர் அழைக்கிறார். கடன் நெருக்கடியால் வாழ விருப்பமில்லை என்கிறார். நேரடிக் கேள்விக்கு 'ஆம்' என்கிறார். அதற்கான பொருளும் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார். இது இரண்டாம் நிலை. தன்னார்வலர் அழைப்பைத் துண்டிக்காமல், சீட்டில் எழுதி மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்கிறார். ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைப் பேச்சினூடே கேட்டுக்கொள்கிறார்.

முதல் முயற்சி, அவரது ஒப்புதலுடன் ஆபத்தைக் குறைப்பது. அண்ணனை வரவழைத்துப் பொருளை அப்புறப்படுத்த அவர் இணங்கினால் காவல்துறைக்கு வேலையில்லை. ஆனால் சிறிது நேரத்தில் அவரது பேச்சு குழறுகிறது. தாம் ஏற்கெனவே எதையோ உட்கொண்டுவிட்டதாகவும் இப்போது நன்றாகவே இருப்பதாகவும் கூறுகிறார். அழைப்பு அந்தக் கணமே மூன்றாம் நிலைக்குச் செல்கிறது. சில நஞ்சுகளின் விளைவு பல மணி நேரம் கழித்தே வெளிப்படும் என்பதால், 'நன்றாக இருக்கிறேன்' என்ற பதிலை ஏற்பதற்கில்லை.

மேற்பார்வையாளர் வேறொரு தொலைபேசியில் அவசர உதவியை அழைக்கிறார். தன்னார்வலர், "உங்கள் உயிருக்கு ஆபத்து இருப்பதால் உதவியை அனுப்புகிறோம். அவர்கள் வரும்வரை நான் உங்களுடன் பேசிக்கொண்டிருப்பேன். கதவைத் திறந்து வையுங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்கிறார். உதவிக்கு வந்தவர்களின் குரல் கேட்ட பிறகே அழைப்பு முடிகிறது.

சட்டம் சொல்வது

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே, மாறாக நிரூபிக்கப்படாத வரை, கருத வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய 309ஆவது பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கடமையாற்றவிடாமல் தடுக்கவோ நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆவது பிரிவின்கீழ் குற்றமாக உள்ளது. வழக்கு வந்துவிடும் என்ற அச்சத்தில் பலர் முகவரியைச் சொல்லத் தயங்குவர் என்பதால், தன்னார்வலர் இதை அறிந்திருக்க வேண்டும்.

ரகசியம் காக்கும் கடமை, உயிராபத்தைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் தகவலை வெளியிடலாம் என்ற விலக்கு ஆகிய இரண்டையும் அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் அது பேசுவது சிகிச்சை அளிக்கும் சுகாதாரப் பணியாளர்களைப் பற்றியே. தன்னார்வலர் மையங்கள் தங்கள் விதியைத் தாங்களே வகுத்து, 'உயிருக்கு ஆபத்து எனில் மற்றவர்களுக்குத் தெரிவிப்போம்' என்று அழைப்பவர்களுக்கு முன்கூட்டியே உணர்த்துவது நல்லது. சிறார் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

தவறு நேரும் இடங்கள்

நடைமுறையில் பெரிய இடைவெளி இருப்பிடத்தில்தான் உள்ளது. செல்பேசி இருக்கும் இடத்தைக் கண்டறியும் வசதி தன்னார்வலர் மையங்களுக்கு இல்லை. 112 என்ற எண்ணும், அழைப்பவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கே செல்லும். சென்னையிலிருந்து 112-ஐ அழைத்து பாட்னாவில் இருப்பவருக்கு உதவி கோரினால் காலம் விரயமாகும். மாவட்டவாரியான காவல் கட்டுப்பாட்டு அறை எண்களின் பட்டியல் ஒவ்வொரு மேசையிலும் இருப்பதும், அவற்றை அவ்வப்போது அழைத்துச் சரிபார்ப்பதும் அதனால்தான் அவசியம்.

தேவையற்ற இடத்தில் காவல்துறையை அனுப்புவதும் தவறே. சீருடையினர் வாசலில் நிற்பதை அண்டை வீட்டார் பார்த்தால், அந்த நபர் மீண்டும் உதவி எண்ணை அழைக்காமலே போகலாம். மையத்தின் விதி சரியாக இயங்குகிறதா என்பதைப் பதிவேட்டைக் கொண்டு அறியலாம். பல மாதங்களாக ஓர் அழைப்புகூட மூன்றாம் நிலைக்குச் செல்லவில்லையெனில், கேள்விகள் கேட்கப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே தன்னார்வலரின் அழைப்புகள் மட்டும் அடிக்கடி அந்த நிலைக்குச் சென்றால், இரண்டாம் நிலையைக் கையாள்வதில் அவருக்கு மறுபயிற்சி தேவைப்படலாம்.

மூன்றாம் நிலை அழைப்பை முடித்தவரை உடனே அடுத்த அழைப்பை எடுக்கவிடக் கூடாது. நடந்ததை மேற்பார்வையாளருடன் பேசிய பிறகே அவர் வீடு திரும்ப வேண்டும். காப்பாற்றப்பட்டாரா என்பது பல நேரங்களில் தெரியவராது. விதிப்படி செயல்பட்டோம் என்பதும், முடிவைத் தான் மட்டும் எடுக்கவில்லை என்பதுமே அப்போது தன்னார்வலருக்குத் துணை நிற்கும்.

(தற்கொலை எண்ணம் எழுந்தால், 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம். உயிருக்கு உடனடி ஆபத்து எனில் 112-ஐ அழைக்கலாம்.)