திங்கட்கிழமை காலை சரியாகிவிடாது

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் ரோட்டில் ஒரு நூற்பாலை. அங்கே கம்ப்யூட்டர், நெட்வொர்க், மெயில் எல்லாம் என் பொறுப்பு. மெயில் சர்வரையும் டி.என்.எஸ்.ஸையும் பழைய ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து புதிய கம்பெனிக்கு மாற்றப் போகிறோம் என்று ஊழியர்களுக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் வந்தது. "இதை யாருப்பா உக்காந்து படிப்பா?" என்று சொல்லி ஆபீஸில் அதை இரண்டு வரியாக்கிவிட்டார்கள். "சனி, ஞாயிறு மெயில் இருக்காது. திங்கள் காலை 9 மணிக்குச் சரியாகிவிடும்." அதுவும் சனிக்கிழமை மத்தியானம், பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, மெயிலிலேயே போனது.

அந்த இரண்டு வரியுமே தப்பு. இதை ஆபீஸில் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

முதல் வரி ஏன் தப்பு? சர்வர் மாற்றும்போது மெயில் "இல்லாமல்" போவதில்லை. அனுப்புகிறவர் அனுப்பிக்கொண்டேதான் இருப்பார். அது பழைய இடத்துக்குப் போகிறதா, புதிய இடத்துக்குப் போகிறதா, நடுவழியில் காத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வீடு மாறியவரின் புது விலாசம் தபால்காரருக்குத் தெரிகிற வரைக்கும் கடிதம் பழைய வீட்டு வாசலில்தான் விழும். மெயிலும் அப்படித்தான். நம் டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று டி.என்.எஸ்.ஸில் எழுதி வைப்பது எம்.எக்ஸ். ரெகார்டு. உலகத்தில் உள்ள மெயில் சர்வர்கள் அதை ஒவ்வொரு முறையும் வந்து கேட்பதில்லை. ஒருமுறை கேட்டுக்கொண்டு, குறிப்பிட்ட நேரம்வரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தின் பெயர் டி.டி.எல். பல ஹோஸ்டிங்குகளில் இது 86400 விநாடி, அதாவது ஒரு முழு நாள்.

அதனால் சனிக்கிழமை ராத்திரி மாற்றும் வேலை வியாழக்கிழமையே தொடங்கிவிட வேண்டும். வியாழன் அன்று 86400-ஐ 300 ஆக்கிவிட்டால், பழைய ஞாபகம் வெள்ளிக்கிழமைக்குள் எல்லா இடத்திலும் கழிந்துவிடும். பிறகு சனிக்கிழமை எம்.எக்ஸ்.ஸை மாற்றினால் ஐந்து, பத்து நிமிடத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்துவிடும். சனிக்கிழமையே டி.டி.எல்.லைக் குறைத்து, சனிக்கிழமையே எம்.எக்ஸ்.ஸையும் மாற்றினால் குறைத்ததில் பிரயோஜனமே இல்லை. நமக்கு வேலைக்கு உத்தரவு வந்ததோ வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

இரண்டாவது வரிக்கு வருவோம். நாங்கள் மெயிலோடு நேம் சர்வரையும் மாற்றினோம். அது நம் கையில் இல்லாத விஷயம். ".com" என்று முடியும் டொமைனுக்கு நேம் சர்வர் எது என்ற தகவலை மேலே உள்ள .com சர்வர்கள் 172800 விநாடி டி.டி.எல்.லோடு கொடுக்கின்றன. முழுதாக 48 மணி நேரம். அதைக் குறைக்க நம்மால் முடியாது. சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு மாற்றினால், சிலருக்குத் திங்கள் ராத்திரி 10 மணிவரை பழைய நேம் சர்வர்தான் தெரியும். எல்லாருக்கும் அப்படி ஆகாது, ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. திங்கள் காலை 9 மணி என்று எந்தக் கணக்கை வைத்து எழுதினார்கள்?

பெரிய கம்பெனிகளே இந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவைதான். 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனம் தன் டொமைனுக்கு டி.என்.எஸ்.செக் பாதுகாப்பைப் போடப் போய்ச் சிக்கல் வந்தது. உடனே .com-இல் இருந்த டி.எஸ். ரெகார்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் டி.டி.எல். 24 மணி நேரம். அதைப் பிடித்து வைத்திருந்த இன்டர்நெட் கம்பெனிகளின் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினரால் ஸ்லாக்கைத் திறக்கவே முடியவில்லை. அங்கே இல்லாத இன்ஜினியர்களா? அவர்களாலேயே நேரத்தைச் சுருக்க முடியாதபோது நான் மட்டும் திங்கள் 9 மணிக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமாம்.

இதற்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய நேம் சர்வரிலும் புதிய எம்.எக்ஸ்.ஸையே எழுதி வைத்துவிட வேண்டும். பழைய இடத்தில் கேட்டாலும் புதிய இடத்தில் கேட்டாலும் ஒரே பதில் வர வேண்டும். இப்படிக் கேட்டுப் பார்த்தால் தெரியும்:

```
dig @பழைய_நேம்சர்வர் example.com MX +short
dig @புதிய_நேம்சர்வர் example.com MX +short
```

இரண்டும் ஒன்றாக வந்தால் அந்த 48 மணி நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் அதற்குப் பழைய ஹோஸ்டிங்கின் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். "புதுசுக்குப் பணம் கட்டியாச்சே, பழசை சனிக்கிழமையோட நிறுத்திரு" என்று ஒரே பிடிவாதம். ஒரு மாத வாடகை மிச்சமாம்.

அப்படி நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாராவது பொறுமையாகக் கேட்டிருக்கலாம். பழைய சர்வர் சுத்தமாக அணைந்துபோனால்கூட அவ்வளவு மோசமில்லை. அனுப்பும் சர்வருக்குப் பதில் கிடைக்காது, அது மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். குறைந்தது நான்கைந்து நாளாவது விடாமல் முயல வேண்டும் என்றுதான் மெயில் விதியே சொல்கிறது. தாமதமாகும், ஆனால் வந்து சேரும். சர்வர் ஓடிக்கொண்டிருக்க, நம் டொமைனை மட்டும் எடுத்துவிட்டால்தான் ஆபத்து. அப்போது "550" என்று நிரந்தர மறுப்பு போகும், மெயில் உடனே அனுப்பியவருக்கே திரும்பிவிடும். எல்லாவற்றையும்விட மோசம் மூன்றாவது நிலை. பழைய சர்வர் ஓடுகிறது, நம் பெட்டிகளும் அதில் இருக்கின்றன, மெயிலையும் வாங்கிக்கொள்கிறது, ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. அனுப்பியவருக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. நமக்கும் ஒன்றும் தெரியாது.

எங்களுக்கு நடந்தது இந்த மூன்றாவதுதான். மாற்றம் முடிந்து எல்லா ஊர் மெயிலும் வந்துகொண்டிருந்தது. ஒரு பஞ்சு புரோக்கரிடமிருந்து மட்டும் வரவில்லை. "ஏன் தம்பி, அவரு லாட்டு ரிப்போர்ட்டு அனுப்பிட்டேன்னு சத்தியம் பண்றாரு, இங்க ஒண்ணுமே வரலையே" என்று பர்ச்சேஸ் அக்கா என் மேல் பாய்ந்தார். ஸ்பேமில் பார்த்தோம், இல்லை. டி.என்.எஸ். சரியாக இருந்தது. கடைசியில் பார்த்தால் அந்த புரோக்கரின் மெயிலும் அதே பழைய ஹோஸ்டிங் கம்பெனியில், அதே சர்வரில் இருக்கிறது. அந்த சர்வர் அவருடைய மெயிலை வெளியே அனுப்பவே இல்லை. "இந்த டொமைன் என்னிடமே இருக்கிறது" என்று எம்.எக்ஸ்.ஸைப் பார்க்காமல் எங்கள் பழைய பெட்டியிலேயே போட்டுவிட்டது. ஒரே ஹோஸ்டிங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது நடக்கும். ஒரே ஒருவரிடமிருந்து மட்டும் மெயில் வராமல், அவருக்கும் எதுவும் திரும்பாமல் இருந்தால் முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பழைய வெப்மெயிலைத் திறந்தால் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அங்கே மெயில் ரூட்டிங்கில் "லோக்கல்" என்று இருப்பதை "ரிமோட்" என்று மாற்றினால் தீர்ந்தது. இதைச் செய்வதற்கும் பழைய கணக்கு கையில் இருக்க வேண்டும். நல்லவேளை, அதை ஹோஸ்டிங்காரர்கள் இன்னும் மூடவில்லை.

அந்த ஒரு பக்க நோட்டீஸில் "வெளியிலிருந்து ஒருவர் மட்டும் அனுப்பியும் வரவில்லை என்றால் அன்றைக்கே என்னிடம் சொல்லுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைத்தான் முதலில் வெட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். சனி, ஞாயிறு என்றால் எல்லாருக்கும் லீவு என்று எப்படி முடிவு செய்தார்கள்? மில் மூன்று ஷிஃப்டும் ஓடுகிறது. நூல் வாங்குகிறவர்கள் டாக்காவில் இருக்கிறார்கள். வங்கதேசத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு வாரத்தின் முதல் வேலை நாள். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த எல்.சி. திருத்தம், ஷிப்மென்ட் கேள்வி எல்லாம் அன்றைக்குத்தான் வந்து குவியும். எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வெள்ளிக்கிழமை ராத்திரி தொடங்கி சனிக்குள் முடியுங்கள் என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். ஞாயிறு முழுக்க எல்லா மெயிலும் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரவும் நேரம் கிடைத்திருக்கும்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வேறு ஒன்று. இரண்டு வரி நோட்டீஸ் போன மறுநாளே சிலருக்கு ஒரு மெயில் வந்தது. "உங்கள் மெயில் சர்வர் மேம்படுத்தப்படுகிறது, பழைய பாஸ்வேர்டைத் தக்கவைக்க இங்கே அழுத்தவும்." அது திருட்டு மெயில். இந்த மாதிரி மெயில் எல்லா ஊருக்கும் எல்லா நாளும் சுற்றிக்கொண்டிருப்பதுதான். ஆனால் சர்வர் மாறுகிற நேரத்தில் வந்தால் நம்பாமல் இருப்பது கஷ்டம். ஒருவரின் பாஸ்வேர்டு போனால், எக்ஸ்போர்ட் மெயிலுக்குள் உட்கார்ந்து படித்து, "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று நம் பெயரிலேயே பையருக்கு எழுதிவிடுவார்கள். அந்தப் பணம் திரும்பி வருவது சந்தேகம்தான். இதை நினைத்துத்தான் என் நோட்டீஸில் எந்த லிங்க்கும் வைக்கவில்லை. "பாஸ்வேர்டை மெயிலில் யாரும் கேட்க மாட்டோம். புது பாஸ்வேர்டை நானே உங்கள் சீட்டுக்கு வந்து கையில் கொடுப்பேன். சந்தேகம் இருந்தால் இன்டர்காமில் கூப்பிடுங்கள்" என்று எழுதியிருந்தேன். அதையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். மூன்று வரி படிக்க எங்கள் ஆட்களுக்கு நேரம் இருக்காது என்று யார் சொன்னது? மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் போடுகிற அறிவிப்பை ஊர் பெயர் உட்பட ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவர்கள்தானே இவர்கள்? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்தெந்தப் பகுதி என்று அதில் தெளிவாக இருக்கிறது, படிக்கிறார்கள்.

அடுத்து எங்கள் இன்னொரு யூனிட்டுக்கும் இதே மாற்றம் வருகிறது. பழைய ஹோஸ்டிங்கை மாற்றம் முடிந்து ஒரு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். நோட்டீஸ் புதன்கிழமையே போக வேண்டும், மெயிலில் மட்டுமில்லாமல் டைம் ஆபீஸ் பக்கத்து போர்டிலும் ஒட்ட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். எல்லாம் சேர்த்து ஆகும் செலவு ஒரு மூட்டை நூல் விலைகூட வராது. இன்னும் பதில் வரவில்லை.