பாட்டு வந்தா ஸ்கிப் பண்ணலாமா?

ஹொஸ்டல்ல லப்டொப்பில படம் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு தொடங்கின உடனே யாரோ ஒருத்தர்ர விரல் கீபோர்ட்டுக்குப் போயிடும். "கதை நிக்குது, தள்ளு தள்ளு" எண்டு குரல் வரும். உலகப் படங்கள் பாக்கத் தொடங்கின பிறகு எங்களில நிறையப் பேருக்கு இந்திய சினிமாவின்ர பாட்டுகள் கொஞ்சம் வெக்கமான விசயமாப் போயிட்டுது. ஆனால் பாட்டு என்றாலே கதை நிற்கிறது என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. சில பாட்டுகளில் நிற்கிறது, உண்மைதான். வேறு சிலவற்றைத் தள்ளிவிட்டால் படத்தின் ஒரு முக்கியமான காட்சியையே தொலைத்துவிடுகிறோம்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. பாட்டுக்குள் போகும்போது பாத்திரங்கள் எப்படி இருந்தார்கள், வெளியே வரும்போது எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். மனிதர்களுக்கிடையில் ஏதாவது மாறியிருந்தால் அது கதையை நகர்த்துகிற பாட்டு. வருசங்கள் ஓடியிருந்தால் காலம் காட்டுகிற பாட்டு. வெளியில் ஒன்றுமே மாறாமல் ஒருவரின் மனதுக்குள் போய்வந்திருந்தால் கனவுப் பாட்டு.

முதலாவதுக்கு, மணிரத்னத்தின் 'தளபதி'யில் (1991) வருகிற 'ராக்கம்மா கையத் தட்டு' பாட்டை எடுப்போம். கலியாண வீடுகளில் இளையராஜாவின் அந்தப் பாட்டுக்கு ஆடாத ஆக்கள் குறைவு. ஆனால் படத்தில் அது வெறும் ஆட்டப் பாட்டு இல்லை. இரவு, வெளிச்சம், கூட்டம், நடுவில் சூர்யாவாக ரஜினி. ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது இசை திடீரெண்டு மாறுகிறது. சுப்புலட்சுமியும் (ஷோபனா) கூட இருப்பவர்களும் அப்பர் பாடிய தேவாரமொன்றைப் பாடுகிறார்கள். எங்கட கோயில்களிலும் பாடசாலைகளிலும் கேட்டுப் பழகின 'குனித்த புருவமும்' தான் அது. ஆடிக்கொண்டிருந்த முரட்டுக் கூட்டம் அடங்கிப்போகிறது. சூர்யா நின்று கேட்கிறான்.

இதில் ஒரு வசனம்கூட இல்லை. ஆனால் இரண்டு உலகங்கள் ஒன்றையொன்று பார்த்துவிட்டன. தாயால் கைவிடப்பட்டு, அடிதடியில் வளர்ந்தவனின் உலகம் ஒன்று. கட்டுப்பாடான குடும்பத்துப் பெண்ணின் உலகம் மற்றது. இரண்டும் ஒரே பாட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுகின்றன. ஆனால் ஒன்றாகக் கலக்கவில்லை. தேவாரம் முடிய ஆட்டம் திரும்பவும் தொடங்குகிறது. அவர்களுடைய காதலுக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை அந்த இசை முதலிலேயே சொல்லிவிடுகிறது. இதைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறவருக்கு, அவன் ஏன் அவளுக்கு முன்னால் அவ்வளவு அடங்கிப்போகிறான் என்பது பாதிதான் விளங்கும்.

அதே படத்தில் 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' கனவுப் பாட்டு. சூர்யா குதிரையில் வருகிற போர்வீரன், சுப்புலட்சுமி அவனுக்காகக் காத்திருக்கிறவள். பாட்டு முடிய அவர்களின் நிலைமையில் ஒன்றும் மாறியிருக்காது. அப்ப இது தேவையில்லாததா? இல்லை. இந்த இருவரும் படத்தில் சேரவே மாட்டார்கள். அவளின் தகப்பன் சம்மதிக்க மாட்டார், அவள் வேறொருவரைக் கலியாணம் செய்வாள். அவர்கள் ஒன்றாக வாழ்கிற ஒரே இடம் இந்தக் கனவுதான். அதிலும்கூட அவன் சண்டைக்குப் போகிறவன், அவள் பிரிவுக்குப் பயப்படுகிறவள். தெருவில் அடிபடுகிறவனைக் கனவு வீரனாக்கிப் பார்க்கிறது, ஆனால் அவன் கையில் இருக்கிற ஆயுதத்தைக் கனவாலும் எடுக்க முடியவில்லை.

கனவு எப்போதும் கதைக்கு வெளியேதான் நிற்கும் என்றும் இல்லை. ராஜ் கபூரின் 'ஆவாரா' (1951) என்ற ஹிந்திப் படத்தில் ஒரு நீளமான கனவு வருகிறது. மேகங்களுக்கு நடுவே நர்கிஸ், கீழே நெருப்புக்குள் ராஜ் கபூர். அவள் வந்து அவனை மேலே கூட்டிப்போகிறாள். அங்கேயும் அவனைத் திருடனாக்கிய ஜக்கா கத்தியோடு நிற்கிறான். காதலுக்கும் களவுக்கும் இடையில் கிழிபடுகிற ஒருவனின் நிலையை வசனத்தில் சொல்லியிருந்தால் அது ஒரு பிரசங்கமாகப் போயிருக்கும். கனவாகக் காட்டியபடியால் அது பயமாக மாறுகிறது.

அடுத்தது காலம். 'அண்ணாமலை'யில் (1992) தேவாவின் இசையில் வருகிற 'வெற்றி நிச்சயம்' எல்லாருக்கும் தெரியும். வீட்டை இழந்த பாலக்காரன் நண்பனிடம் சவால் விடுகிறான், அதன்பிறகு ஒரு பாட்டில் மேலே போகிறான். 'ஒரே பாட்டில பணக்காரன்' எண்டு நாங்கள் நக்கல் அடிக்கிறது இப்படியான பாட்டுகளைத்தான். ஆனால் இது வேலை செய்கிற விதத்தைக் கவனியுங்கள். பல்லவி திரும்பத் திரும்ப அதே மெட்டில் வருகிறது, ஒவ்வொரு முறையும் படம் மட்டும் முன்னே போயிருக்கிறது. காதுக்குப் பழகின மெட்டு பிடித்து வைத்திருக்கிறபடியால், வருசங்கள் பாய்ந்ததைக் கண் பெரிதாக எடுப்பதில்லை. கதைக்கும் அந்தப் பாய்ச்சல் தேவை. இரண்டாம் பாதியில் பகையாளிகளின் பிள்ளைகள் காதலிக்க வேண்டும் என்றால் அவர்கள் முதலில் வளர வேண்டுமே.

இருந்தாலும் மூன்று வகையிலும் எங்களுக்கு அதிகம் சந்தேகம் வருவது இதில்தான். கதையை நகர்த்தும் பாட்டும் கனவுப் பாட்டும் எங்களுக்கு ஒன்றைக் காட்டுகின்றன. காலப் பாட்டு ஒன்றை மறைக்கவும் செய்கிறது. அவனுக்குக் கடன் யார் கொடுத்தார்கள்? அவனிடம் வேலை செய்த ஆக்களுக்கு எவ்வளவு கூலி? வீட்டில் இருந்தவள் அந்த வருசங்களில் என்ன செய்தாள்? இந்தக் கேள்விகளெல்லாம் மெட்டுக்குள் கரைந்துபோகின்றன. உழைத்தால் நிச்சயம் மேலே வரலாம் என்பதை நிரூபிக்காமலே நம்பவைக்கிற வேலையை ஐந்து நிமிசத்தில் பாட்டு செய்துவிடுகிறது. பாட்டை ரசிக்கலாம். அது எதைத் தாண்டிப் போகிறது என்றும் கேட்கலாம்.

அப்ப உண்மையிலேயே கதையை நிறுத்துகிற பாட்டுகள் எங்கிருந்து வருகின்றன? ஒரு காரணம் அவை செய்யப்படுகிற முறையிலேயே இருக்கிறது. வழமையாகப் பாட்டு முதலில் ஒலிப்பதிவாகும். பிறகு அதை ஓடவிட்டு நடிகர்கள் வாயசைக்கப் படமாக்குவார்கள். அசைவுகளை அமைப்பது நடன இயக்குநர். பாட்டுகளின் உரிமை படத்துக்கு வெளியே தனியாக விற்கவும் படும். ஆக, கதை கேட்காவிட்டாலும் பாட்டு தேவைப்படுகிறது. இயக்குநர் அதற்கு இடம் தேடுகிறார். சந்தையில் கண் பட்டவுடன் வெளிநாட்டு மலையில் ஆடுகிற ஜோடி அப்படித்தான் வருகிறது. அதை நாங்கள் கனவு என்று சொல்லிச் சமாளிக்கிறோம். ஆனால் உண்மையான கனவுப் பாட்டு ஒரு குறிப்பிட்ட ஆளுடையதாக இருக்கும். 'சுந்தரி' பாட்டைத் தூக்கி வேறு படத்தில் வைத்தால் அந்தப் போர்வீரனுக்கு அர்த்தம் இல்லை. மலையில் ஆடுகிற ஜோடியை எந்தப் படத்திலும் வைக்கலாம்.

இப்போது நிறையப் படங்கள் வாயசைப்பை விட்டுவிட்டு, காட்சிகளுக்குப் பின்னால் பாட்டை ஓடவிடுகின்றன. இது முன்னேற்றம் எண்டு சொல்லிக்கொள்கிறோம். எங்களுக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. பின்னணியில் ஓடும் பாட்டால் காலத்தைக் கடக்க முடியும், மனநிலையைச் சொல்ல முடியும். ஆனால் ஆடிக்கொண்டிருந்த ஒருவன் இன்னொருத்தியின் தேவாரத்தைக் கேட்டு நிற்க வேண்டும் என்றால், பாட்டு அந்த ஆக்களின் உலகத்துக்குள்ளேயே பாடப்பட வேண்டும். அவர்கள் காதில் விழாத பாட்டுக்கு அவர்கள் நிற்க மாட்டார்கள்.

ஆகவே ஸ்கிப் பண்ணுறது உங்கட விருப்பம். ஆனால் முதல் தரம் பாக்கிற படத்தில வேண்டாம். பாட்டு முடிய யார் மாறியிருக்கிறார், எவ்வளவு காலம் போயிட்டுது, யாருடைய மனதுக்குள் போய்வந்தோம் என்று பாருங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையெண்டால், அடுத்த முறை தாராளமாத் தள்ளுங்கோ.