மைதானத்தின் சாவி

"ஸார், பெண்களின் கால்பந்து ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்வதில்லை. கூட்டம் சேராத இடத்தில் பணம் எப்படிச் சேரும்? பணமில்லாத இடத்தில் ஆட்டம் எப்படி வளரும்? இதில் யாரைக் குற்றம் சொல்வது?" என்று மேல் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். தர்க்கம் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் சரித்திரம் அவன் சொன்ன வரிசையில் நடக்கவில்லை. இங்கிலாந்தில் கூட்டமும் பணமும் முதலில் வந்தன. அவை வந்த பிறகே ஆட்டம் அடக்கப்பட்டது. அந்தக் கதையை இங்கே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

லங்காஷயரில் பிரெஸ்டன் என்ற தொழில் நகரம். அங்கே டிராம் வண்டிகளும் ரயில் எஞ்சின்களும் செய்துவந்த டிக் கெர் என்ற தொழிற்சாலை, முதல் உலக யுத்தத்தின்போது வெடிகுண்டுத் தளவாடங்கள் செய்யும் ஆலையாக மாறிற்று. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டபடியால் ஆலையில் பெண்கள் வேலைக்கு அமர்ந்தார்கள். பகல் உணவு வேளையில் முற்றத்தில் பந்து உதைத்துப் பொழுது போக்கிய அந்தப் பெண்கள், 1917-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, பிரெஸ்டன் நகரின் பிரதான மைதானத்தில் வேறோர் ஆலைப் பெண்களுடன் ஆடினார்கள். பத்தாயிரம் பேர் வந்து பார்த்தார்கள். காயமுற்ற சிப்பாய்களின் வைத்தியசாலைக்குச் சுமார் 200 பவுன் கிடைத்தது.

யுத்தம் முடிந்தது, ஆட்டம் முடியவில்லை. 1920-ல் 14 வயதுச் சிறுமி ஒருத்தி குழுவில் சேர்ந்தாள். லில்லி பார் என்பது பெயர். ஏறக்குறைய ஆறடி உயரம். இடது காலால் அவள் உதைத்த பந்தைத் தடுக்க ஆண்களே தயங்கினார்கள் என்பார்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூல் நகரத்தின் குடிஸன் பார்க் மைதானத்தில் நடந்த பந்தயத்துக்கு வந்த ஜனங்கள் 53,000 பேர். உள்ளே இடமின்றி வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம் பேர். வசூல் 3,115 பவுன். வேலையில்லாமல் தவித்த மாஜி சிப்பாய்களுக்காக அந்தப் பந்தயம் நடந்தது.

கூட்டம் சேராது என்ற வாதத்துக்கு இது ஒன்றே போதும். ஆனால் சரியாக ஒரு வருஷம் கூடக் கழியவில்லை. 1921 டிஸம்பர் 5-ம் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் செய்தது. கால்பந்து ஸ்திரீகளுக்கு ஏற்ற விளையாட்டல்ல, அதை ஊக்குவிக்கலாகாது. வசூலில் அளவுக்கு மிஞ்சிய பகுதி செலவென்று போய்விடுகிறது. தர்மத்துக்குச் சேர்வது போதவில்லை. ஆகையால் சங்கத்தைச் சேர்ந்த கிளப்புகள் பெண்களின் பந்தயங்களுக்குத் தங்கள் மைதானத்தைக் கொடுக்கக் கூடாது. தீர்மானத்தின் சாரம் இதுதான்.

மாணவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். பெண்கள் ஆடக் கூடாது என்று தீர்மானம் எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அச்சங்கத்துக்கு அதிகாரமும் கிடையாது. மைதானத்தின் கதவை மட்டும் பூட்டிற்று. சுற்றுச் சுவரும், டிக்கெட் வாங்கி உள்ளே போகும் வாசலும், உட்காரும் மேடைகளும் உள்ள மைதானங்களில் பெரும்பாலானவை சங்கத்தைச் சேர்ந்த கிளப்புகளிடமே இருந்தன. சுவரில்லாத பொதுத் திடலில் 50,000 பேர் நின்றாலும் யாரிடம் காசு வாங்குவது? தொப்பியை நீட்டிச் சுற்றி வரலாம், அவ்வளவுதான்.

செலவைப் பற்றிய புகாரைச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிக் கெர் பெண்களுக்கு ஒரு பந்தயத்துக்குப் பத்து ஷில்லிங் கொடுப்பது வழக்கம். வேலைக்குப் போகாததால் இழந்த கூலிக்கு ஈடு. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். இரு பக்கத்திலும் சேர்த்து 22 பேருக்கு 11 பவுன் ஆகிறது. 3,115 பவுன் வசூலில் இது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. ரயில் சார்ஜையும் சாப்பாட்டையும் சேர்த்தாலும் பெரிய தொகையாகிவிடாது. ஆனால் அதே 22 பேர் திறந்த திடலில் ஆடி, தொப்பியில் 20 பவுன் சேர்ந்தால், அதே 11 பவுன் பாதிக்கு மேலாகிவிடும். ஆக, மைதானத்தைப் பூட்டிய பிறகு புகார் தானாகவே உண்மையாகிவிடும்! சாமர்த்தியமான ஏற்பாடு அல்லவா?

இன்னொன்றும் உண்டு. ஆண்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுவதை இதே சங்கம் 1885-லேயே அநுமதித்துவிட்டது. ஆணுக்குச் சம்பளம் தொழில். ஆலைப் பெண்ணுக்கு இழந்த கூலி ஊழல்! வீட்டில் வசதியுள்ள சீமாட்டியானால் கூலியே கேட்காமல் ஆடியிருப்பாள். அன்றன்று உழைத்துச் சாப்பிட்டவர்களிடம் 'செலவே ஆகக் கூடாது' என்று சொல்வது 'நீ ஆடாதே' என்று சொல்வதற்குச் சமானந்தான். 1921-ல் நிலக்கரிச் சுரங்கங்கள் கதவடைக்கப்பட்டபோது, பட்டினி கிடந்த தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் பெண்கள் குழுக்கள் ஆடிப் பணம் திரட்டின. அது பெரிய மனிதர்களுக்குக் கசந்திருக்கும் என்று சரித்திர ஆசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

தீர்மானத்துக்குப் பக்கபலமாக வைத்தியர்களின் அபிப்பிராயமும் கிடைத்தது. பெண்ணின் தேகக் கட்டுக்குக் கால்பந்து தாங்காது என்று சொன்னவர்களில் டாக்டர் மேரி ஷார்லிப் என்ற அம்மையாரும் ஒருவர். சென்னைவாசிகள் இங்கே திடுக்கிட வேண்டும். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது நுழைந்த நால்வரில் அவர் ஒருவர். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரால் விளங்கும் மாதர் மருத்துவமனையின் தொடக்கத்தில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பெண்ணுக்கு மருத்துவப் படிப்புத் தாங்காது என்று சொன்ன காலத்தில் அதைப் படித்துக் காட்டியவர், மற்றோர் வாசலில் ஆலைப் பெண்கள் வந்து நின்றபோது அதே வார்த்தையைத் தாமே சொன்னார். அவரை நான் இகழவில்லை. நம்மில் எத்தனை பேர் நாம் நுழைந்த கதவைத் தவிர வேறு கதவுகளைக் கவனிக்கிறோம்?

பெண்கள் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்துப் பார்த்தார்கள். மைதானமின்றி அது நிலைக்கவில்லை. 1922-ல் டிக் கெர் குழுவினர் கப்பலேறிப் போனபோது, கனடாவில் ஆட அங்குள்ள சங்கம் மறுத்துவிட்டது. அமெரிக்காவில் ஆண்கள் குழுக்களோடு ஆடிவிட்டுத் திரும்பினார்கள். பிறகு பெயரை மாற்றிக்கொண்டு, கிடைத்த திடல்களில் 1965 வரை ஆடிக் கலைந்தார்கள்.

என் மாணவன் விடவில்லை: "தடை நீங்கிய பிறகாவது கூட்டம் உடனே வந்திருக்க வேண்டுமே?" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் ஐம்பது வருஷத்தில் ஆண்களின் கிளப்புகள் மேடைகள் கட்டின, சிறுவர்களைப் பழக்கின, பத்திரிகைகளிலும் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் இடம் பிடித்தன. பாட்டன் பேரனை அழைத்துப் போகும் வழக்கம் குடும்பங்களில் ஊறிவிட்டது. பேத்தியைக் கூட்டிப்போய்க் காட்ட ஆட்டமே இல்லை. பூட்டைத் திறப்பது ஒரு நாள் வேலை. இவையெல்லாம் தலைமுறைக் கணக்கு. பெண்கள் கிளப்புகளின் பந்தயம் ஒன்றுக்கு 53,000 பேருக்கு மேல் கூடியது 2019-ல்தான், அதுவும் ஸ்பெயின் தேசத்தில். 2022-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துப் பெண்கள் ஜெர்மனியை வென்ற ஐரோப்பிய இறுதிப் பந்தயத்துக்கு 87,192 பேர் வந்தார்கள்.

கால்பந்துச் சங்கம் தன் தடைக்காக மன்னிப்புக் கேட்டது 2008-ல். லில்லி பார் அப்போது இல்லை, 1978-லேயே காலமாகிவிட்டார். பந்தாட்டத்தால் வாழ வழியின்றி மனநோய் வைத்தியசாலையில் நர்ஸாக உழைத்துப் பிழைத்தவர் அவர். 1971-ல் தடை நீங்கியபோது அவருக்கு வயது 65-ஐத் தாண்டியிருந்தது.