பார்க்க அழகா இருந்தா போதுமா? ஒரு வேர்ட் ஃபைலின் கதை

போன செமஸ்டர்ல ஒரு ப்ராஜெக்ட்டுக்காக மதுரைக்குப் பக்கத்துல ஒரு கண்மாய்க்குப் போயிருந்தோம். அந்தப் பாசன சங்கத்துத் தலைவர் எங்க கையில ஒரு பழைய விதிமுறைப் புத்தகத்தைக் கொடுத்தார். 22 பக்கம், அச்சடிச்சது, ஓரமெல்லாம் பொடிஞ்சு போயிருந்தது. "தம்பி, இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்க. ரெண்டு விதி மாத்தணும், ஒரு மடை சேர்க்கணும்" என்றார். அவர் கேட்டது போட்டோ இல்லை, பிடிஎஃப்பும் இல்லை. திருத்தக்கூடிய ஃபைல்.

நாங்க அதைச் சின்ன வேலைன்னு நினைச்சோம். கோரிப்பாளையத்துல ஒரு டைப்பிங் கடையில கொடுத்தோம், மூணு நாள்ல வேர்ட் ஃபைல் வந்தது. பிரின்ட் எடுத்துப் பார்த்தா அச்சு அசல். தலைப்பு நடுவுல, தடிச்ச எழுத்துல. மடை வாரியான அட்டவணை நேர் நேரா. ஆனா சிஸ்டத்துல வேற ஃபான்ட் மாத்தினதும் அட்டவணை கலைஞ்சு போச்சு. ஏன்னா அது அட்டவணையே இல்லை, ஸ்பேஸ் பார் தட்டித் தட்டி நகர்த்தி வச்ச எழுத்து. 6-ஆம் விதிக்கு அப்புறம் ஒரு விதி சேர்த்தா, பின்னால வர்ற எண் எதுவும் மாறலை. எல்லா எண்ணையும் கையால அடிச்சிருந்தாங்க.

சரி, ஸ்கேன் பண்ணி கூகுள் டிரைவ்ல போட்டு டாக்ஸா திறந்தோம். தமிழ் எழுத்துகள் ஆச்சரியப்படுற அளவுக்குச் சரியா வந்தது. அட்டவணை மட்டும் வரலை. முதல்ல மடைப் பெயர் எல்லாம் வரிசையா, அப்புறம் ஏக்கர் எல்லாம் வரிசையா கொட்டிக் கிடந்தது. இதைக் கூகுளே தன் உதவிப் பக்கத்துல சொல்லுது: தடிப்பு, சாய்வு, எழுத்து அளவு பெரும்பாலும் தங்கும், பட்டியல், அட்டவணை, அடிக்குறிப்பு எல்லாம் பெரும்பாலும் பிடிபடாது.

என் கருத்து இதுதான். எக்ஸ்போர்ட் பட்டனைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம எழுதி வச்ச பிரதியில எது இருக்கோ அதைத்தான் எக்ஸ்போர்ட் காப்பாத்தும். "இது தலைப்பு"ன்னு பிரதியில எங்கேயும் சொல்லாம, எழுத்தை மட்டும் பெருசாக்கி வச்சா, வேர்டுக்கு அது பெரிய எழுத்துள்ள ஒரு பத்தி, அவ்வளவுதான். அதனால படியெடுக்கும்போதே அமைப்பையும் சேர்த்துப் படியெடுக்கணும்.

நாங்க செஞ்சது இது. கூகுள் கொடுத்த எழுத்தை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல ஒட்டினோம். ஸ்கேன் பக்கத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, பிழை திருத்தும்போதே மார்க்டவுன் குறிகளைப் போட்டோம்:

```
# நீர்ப் பங்கீடு

5. மடை திறக்கும் நாளைச் சங்கம் அறிவிக்கும்.
6. முறை தவறினால் அடுத்த முறைக்குக் காத்திருக்கவும்.

| மடை | ஏக்கர் | முறை நாள் |
|---|---:|---|
| வடக்கு மடை | 40 | திங்கள் |
| தெற்கு மடை | 55 | செவ்வாய் |
```

அப்புறம் பாண்டாக். பெர்க்லியில தத்துவப் பேராசிரியரா இருக்கிற ஜான் மேக்ஃபார்லேன் 2006-ல தொடங்கின இலவச மென்பொருள். முதல் வரி ஒரு மாதிரி ஃபைலை உருவாக்கும், ரெண்டாவது வரி நம்ம பிரதியை அந்த மாதிரியில ஊத்தி எடுக்கும்:

```
pandoc -o format.docx --print-default-data-file reference.docx
pandoc vithi.md --reference-doc=format.docx -o vithi.docx
```

நடுவுல ஒரு வேலை இருக்கு. `format.docx`-ஐத் திறந்து, அதுல உள்ள `Heading 1`, `Table` போன்ற ஸ்டைல்களை மாத்திக்கணும். பாண்டாக் போடுற அட்டவணைக்கு இயல்பா கட்டக்கோடு இருக்காது. "அட்டவணை வரலையே"ன்னு நாங்களும் முதல்ல பதறினோம், கோடு மட்டும்தான் இல்லை. தமிழ் ஃபான்ட்டை லிப்ரேஆபிஸ்ல மாத்துறவங்க, ஆங்கிலத்துக்கான ஃபான்ட்டை மாத்திட்டு ஏன் மாறலைன்னு தலையைச் சொறியக் கூடாது. தமிழ் அங்கே `CTL` பகுதியில வரும், அதை அமைப்புகள்ல இயக்கி வைக்கணும்.

சரியா வந்துச்சான்னு கண்ணால பார்த்து முடிவு பண்ண முடியாது. கடைக்காரர் ஃபைலும் கண்ணுக்கு அழகாத்தானே இருந்தது? லிப்ரேஆபிஸ்ல F5 தட்டுங்க. நேவிகேட்டர்ல தலைப்புகள் வரிசையா தெரிஞ்சா அவை உண்மையான தலைப்பு. கடை ஃபைல்ல அந்த இடம் காலி. இன்னொரு வழி, டாக்எக்ஸ் ஃபைல் உள்ளுக்குள்ள ஒரு ஜிப் ஃபைல்தான். லினக்ஸ்ல இப்படி எண்ணிப் பார்க்கலாம்:

```
unzip -p vithi.docx word/document.xml | grep -o '"Heading1"' | wc -l
```

புத்தகத்துல 9 பெரிய தலைப்பு. இங்கேயும் 9 வந்தது. கடை ஃபைல்ல 0.

ஆனா எங்களைக் கவுத்தது வேற ஒண்ணு. மூலப் புத்தகத்துல 11-ஆம் விதி கிடையாது, எப்பவோ நீக்கியிருக்காங்க. 10-க்கு அடுத்து 12. மார்க்டவுன்ல 12-ன்னு சரியாத்தான் அடிச்சோம். பாண்டாக் ஒரு பட்டியலோட முதல் எண்ணை மட்டும்தான் மதிக்கும், மத்ததைத் தானே எண்ணிக்கும். விளைவு, 12-ஆம் விதி சத்தமில்லாம 11 ஆயிடுச்சு, பின்னால எல்லாம் ஒண்ணு குறைஞ்சது. "விதி 14-ன்படி அபராதம்"னு வேற பக்கத்துல எழுதியிருக்கிறது இப்போ தப்பான விதியைக் காட்டும். எந்த எச்சரிக்கையும் வராது. கடைசி விதியோட எண்ணை ஸ்கேனோட ஒப்பிட்டதாலதான் பிடிச்சோம். தீர்வு, அந்த விதிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு காலி வரி விட்டு, அந்த இடத்துல `12\.` என்று எழுதுறது. அப்போ அது தானியங்கி எண் இல்லை, வெறும் எழுத்து.

உட்பிரிவுக்கும் இதே கதை. (அ), (ஆ), (இ) என்ற வரிசையைப் பாண்டாக் பட்டியலா பார்க்காது. a, b, c தெரியும், நம்ம அகரவரிசை தெரியாது. a, b-ன்னு மாத்தலாமான்னு யோசிச்சு, வேண்டாம்னு விட்டோம். ஊர்ல எல்லாரும் "6 ஆ"ன்னுதான் சொல்றாங்க. அதை எழுத்தாவே வச்சு, ஒவ்வொண்ணையும் தனிப் பத்தியா விட்டோம். ரெண்டு வரிசைக்குச் சேர்த்து ஒரே கட்டம் போட்டிருந்த இடமும் இந்த எளிய அட்டவணையில வராது, அதனால ரெண்டு வரிசையிலயும் மதிப்பைத் திருப்பி எழுதினோம்.

"22 பக்கத்துக்கு இவ்வளவு ஏன்டா?"ன்னு ரூம்மேட் கேட்டான். ஒரு தடவை பிரின்ட் எடுத்து ஃபிரேம் போடணும்னா அவன் சொல்றது சரி, கடை ஃபைலே போதும். ஆனா வருஷா வருஷம் திருத்துற ஆவணத்துக்கு அது போதாது. அடுத்து திருத்தப் போறது நாங்க இல்லை, பொதுக்குழு முடிஞ்ச ராத்திரி செல்போன்ல திறந்து பார்க்கிற சங்கச் செயலாளர்.

அதனால யாராவது பழைய தமிழ் ஆவணத்தைப் படியெடுக்கப் போறீங்கன்னா, ரெண்டு ஃபைலா கொடுங்க. திருத்த ஒரு டாக்எக்ஸ், அதோட மூலமான அந்த டெக்ஸ்ட் ஃபைல். கொடுக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயத்தை ஸ்கேனோட ஒப்பிடுங்க: தலைப்பு எத்தனை, கடைசி விதி எண் என்ன, அட்டவணையில எத்தனை வரிசை.

புது மடையைத் தலைவர் தானே சேர்த்துட்டார். அட்டவணையில ஒரு வரிசையைச் சேர்த்து, "கிழக்கு மடை"ன்னு அடிச்சார். வேற எதுவும் நகரலை.